வங்கிப் பகுப்பாய்வாளர் பொருளாதார முனைவர் படிப்புக்கு எழுதும் நோக்க அறிக்கை

கேள்வி: “எனக்குச் சொந்த ஊர் தொண்டி. எம்.ஏ. பொருளாதாரம் முடித்துச் சில ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு வங்கியில் கடன் இடர் பகுப்பாய்வாளராக இருக்கிறேன். இப்போது முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். நோக்க அறிக்கையில் வங்கி வேலையைப் பற்றி எவ்வளவு எழுதலாம், எப்படி எழுதலாம்?”

பதில்:

நானும் வங்கியில் கடன் பகுப்பாய்வு செய்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பியவன், ஊர் மண்டபம். என்னைப் போலத் திரும்பும் சிலருடைய வரைவுகளைப் படித்துத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பதவி, பொறுப்பு, கையாண்ட கடன் தொகுப்பின் அளவு என்றே போகும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் பேராசிரியர்கள். இவரால் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியைக் கண்டெடுக்க முடியுமா, முதல் ஆண்டுப் பாடங்களைத் தாங்குவாரா என்ற இரண்டையும்தான் அவர்கள் தேடுகிறார்கள். ஆகவே, வங்கி வேலையில் நீங்கள் கண்டு, வங்கியின் கருவிகளால் விடை காண முடியாமல் போன ஒரே ஒரு புதிரை எடுத்து, அறிக்கையின் பாதியை அதற்கே கொடுங்கள் என்பது என் கருத்து.

நம் கடற்கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மாதத் தவணையில் படகுக்கடன் வாங்கிய ஒருவர் ஏப்ரல் 30 தவணையைக் கட்டவில்லை என்று வையுங்கள். மே மாத இறுதியில் அவர் கணக்கு, தவணை தவறிய கணக்குகளுக்கு வங்கிகள் இடும் எச்சரிக்கைக் குறியான SMA-1 ஆகிறது; ஜூன் இறுதியில் SMA-2 ஆகிறது; அப்போதும் கட்டாவிட்டால் 90 நாள் கடந்து ஜூலை இறுதியில் வாராக்கடன் ஆகிவிடுகிறது. ஆனால் ஜூன் 15 அன்றே படகு கடலுக்குள் போய்விட்டது. தடை முடிந்த முதல் வாரங்களில் மீன்பாடு நன்றாக இருக்கும் என்றுதான் கரையில் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கையில் பணம் வரத் தொடங்கிய அந்த ஆறேழு வாரங்களுக்குள் ஏன் சிலர் பழைய தவணையைக் கட்டிவிடுகிறார்கள், ஏன் சிலர் வாராக்கடனுக்குள் விழுகிறார்கள்?

வங்கியின் மாதிரி இதற்கு ஒரு நிகழ்தகவைத் தரும். யார் தவறுவார் என்று அது ஓரளவு சொல்லும். ஏன் என்று சொல்லாது. கரையில் நின்று பார்த்தவருக்கு ஓர் ஊகம் இருக்கும். வலை, டீசல், ஐஸ் செலவுக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அவரிடமே கொடுக்க வேண்டும்; வியாபாரி தன் பாக்கியை மீன் எடை போடும் இடத்திலேயே பிடித்துக்கொள்கிறார். வங்கித் தவணைக்கு வருவது அதன்பிறகு மிஞ்சுவதுதான். கடனும் சரக்கு விற்பனையும் இப்படி ஒரே கையில் பிணைந்து கிடப்பது வளர்ச்சிப் பொருளாதாரத்தில் நெடுநாளாக ஆராயப்படும் பொருள். ஆகவே உங்கள் ஊகம் ஒரு துறையோடு பேசத் தொடங்கிவிடுகிறது.

வழக்கமான வரைவில் இந்த அனுபவம் இப்படி வரும்: “சிறு கடன் தொகுப்பில் இடர் மாதிரிகளை உருவாக்கியதன் மூலம் ஊரக நிதியில் ஆழ்ந்த ஆர்வம் கொண்டேன்.” இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இதற்குப் பதிலாக, நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள் என்றாலும், பொருள் இவ்வாறு அமையட்டும்: “தடைக்காலம் முடிந்து வருமானம் திரும்பிய பிறகும் சில படகுக்கடன்கள் வாராக்கடனாவதைக் கண்டேன். வியாபாரியின் முன்பணம் நடைமுறையில் வங்கிக்கடனுக்கு முந்திக்கொள்வதே காரணம் என்று கருதுகிறேன். அப்படியானால் வங்கிக்கடனை மலிவாக்குவது மட்டும் போதாது. வசூலிக்கும் இடமும் நேரமும் மாற வேண்டியிருக்கும். இதைச் சோதிக்க விரும்புகிறேன்.” ஐந்தே வாக்கியங்களில் கண்டது, ஊகம், அதன் விளைவு, அடுத்த வேலை எல்லாம் வந்துவிடுகின்றன.

அடுத்து, எப்படிச் சோதிப்பீர்கள் என்று ஒரு பத்தி. வங்கியிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முன்பு 45 நாளாக இருந்த தடை பின்னர் 61 நாளாக நீண்டது. தடைக்கு உட்பட்ட விசைப்படகுக்காரரையும் உட்படாத நாட்டுப்படகுக்காரரையும், நீட்டிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம் என்று உடனே தோன்றும். ஆனால் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வரத்துக் குறைந்து மீன் விலை ஏறுகிறது. அதனால் நாட்டுப்படகுக்காரரின் வருமானமும் மாறுகிறது. தடையால் பாதிக்கப்படாதவர் என்று நீங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்தவர் உண்மையில் தடையால் லாபம் பார்த்தவர். இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு இதனால் பெரிதாகத் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்தப் படகுகளோடு ஒப்பிடலாம் என்றால், அங்கே பிடிபடும் மீனும் சந்தையும் வேறு. இந்தச் சிக்கலுக்கு நோக்க அறிக்கையிலேயே முழுத் தீர்வு காட்ட வேண்டியதில்லை. சிக்கலை நீங்களே இரண்டு வரியில் சொல்லிவிட்டால், எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பவர் உங்களை ஆய்வாளராகப் பார்க்கத் தொடங்குவார்.

தரவு பற்றி ஓர் எச்சரிக்கை. வங்கியின் வாடிக்கையாளர் தரவு உங்களுடையது அன்று. அதைக் கொண்டு ஆய்வு செய்வேன் என்று வாக்களிக்காதீர்கள், அதிலிருந்து எண்களையும் எடுத்தெழுதாதீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன்வரத்து மதிப்பீடுகளும், ரிசர்வ் வங்கி வெளியிடும் மாவட்ட வாரியான கடன் விவரங்களும் பொதுவெளியில் உள்ளன. (அந்த நிறுவனம் தன் தொடக்க காலத்தில் பல ஆண்டுகள் இயங்கியது எங்கள் மண்டபம் முகாமில்தான் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) ஆயினும் எந்தப் படகுக்காரர் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை இவை காட்டா. அதற்குப் படகு உரிமையாளர்களிடமும் வியாபாரிகளிடமும் நேரில் கணக்கெடுக்க வேண்டும். அந்த மொழியும் பழக்கமும் உங்களுக்கு இருப்பதை அந்த இடத்தில் சொன்னால் அது ஆய்வுக்கான தகுதியாகவே நிற்கும்.

கணிதம் பற்றிய ஐயத்தையும் தீர்க்க வேண்டும். அமெரிக்கப் பாணியிலான துறைகளில் முதல் ஆண்டு நுண்பொருளியல், பேரியல், பொருளாதார அளவியல் மூன்றும் நிறுவல்களால் நிறைந்தவை. பல ஆண்டு அலுவலக வேலைக்குப் பிறகு வருபவர் இதைத் தாங்குவாரா என்று தேர்வுக் குழுவினர் ஐயுறுவது நியாயம். “கணிதத்தில் வலிமையானவன்” என்று எழுதுவதைவிட, மெய்யெண் பகுப்பாய்வில் அண்மையில் ஒரு பாடம் எடுத்து, அதன் மதிப்பெண்ணை ஒரே வரியில் குறிப்பிடுவது மேல்.

பேராசிரியர்களைக் குறிப்பிடும் பத்தியில் பெயர்களை அடுக்க வேண்டாம். உங்கள் கேள்வி அவர்கள் வேலையோடு எங்கே உரசுகிறது என்று காட்டுங்கள். கேரள மீனவர்களிடம் கைபேசி வந்தபின் கரைக்குக் கரை விலை வேறுபாடு குறைந்ததைக் காட்டிய ராபர்ட் ஜென்சனின் 2007 ஆய்வைப் படித்திருப்பீர்கள். பிடித்த மீன் முன்பே ஒரு வியாபாரிக்குக் கட்டுப்பட்டிருந்தால், அடுத்த கரையின் விலை தெரிந்தும் படகுக்காரர் அங்கே போக முடியுமா? இத்தகைய ஒரு கேள்வி, ஐந்து பெயர்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

ஏன் வேலையை விடுகிறீர்கள் என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். சொல் வரம்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்ட வேண்டியது பதவி உயர்வுகளின் வரலாறு, ஏனெனில் அது தன்விவரக் குறிப்பிலேயே இருக்கிறது.