மூடவேண்டிய குழாய் மூடினால் குழந்தை ஏன் நீலமாகிறது?

"பிறந்து ரெண்டு நாள் குழந்தை நல்லாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் நீலமாயிடுச்சு. இதயத்துப் பக்கத்துல ஒரு குழாய் மூடிடுச்சுன்னு சொல்றாங்க. அது எல்லாக் குழந்தைக்கும் மூடுறதுதானே?"

ஆமாம், எல்லோருக்கும் மூடும். உங்கள் குழந்தைக்கு உயிர் ஓடிக்கொண்டிருந்ததே அந்த வழியில்தான். நுரையீரலுக்குப் போகும் தமனியின் வால்வு பிறவியிலேயே அடைபட்டிருந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இப்படிக் காட்டும் குறைகளில் அது முக்கியமான ஒன்று.

கருவில் மூச்சுவிடும் வேலை நஞ்சுக்கொடியுடையது. நுரையீரலுக்குக் கொஞ்சம் ரத்தம் போனால் போதும். அதனால் வலது இதயத்திலிருந்து வரும் ரத்தத்தில் பெரும்பங்கு டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்ற குழாய் வழியே மகாதமனிக்குத் திரும்பிவிடும். வால்வு அடைபட்ட குழந்தைக்கு இதே குழாயில் ஓட்டம் தலைகீழ்: மகாதமனியிலிருந்து நுரையீரலுக்கு. கருவில் அதனால் ஒரு குறையும் தெரியாது.

குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதில் பெரும்பகுதி நஞ்சுக்கொடி தருவது. கொடி வெட்டியதும் வரத்து நின்றுவிடும். விரிந்த நுரையீரல் மிச்சத்தையும் சிதைக்கும். முதல் மூச்சோடு ஏறும் ஆக்சிஜனும் குழாய்ச் சுவரைச் சுருக்கும். பெரும்பாலும் 3 நாளுக்குள் மூடிவிடும். மற்றவர்களுக்கு நுரையீரலுக்கு நேர்வழி இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு இல்லை.

"ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறீர்களே, என் ஆதங்கமே அங்கேதான். கண்ணை நம்பக்கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதமாக இருந்தால்கூடக் குழந்தை சிவப்பாகத்தான் தெரியும். ஏறக்குறைய 80க்குக் கீழே போனால்தான் நீலம் கண்ணில் படும். கை கால் நீலம் குளிரிலும் வரும், நாக்கைப் பார்க்க வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எதிலாவது 90க்குக் கீழே என்றால் உடனே இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ. இரண்டிலும் 95 அல்லது மேல், வித்தியாசம் 3க்குள் என்றால் தேறியது. உங்கள் குழந்தைக்குக் கையும் காலும் ஒன்றுபோலவே குறைந்திருக்கும். கைக்கும் காலுக்கும் வித்தியாசம் வருவது மகாதமனி குறுகிய குழந்தைகளில். அந்தக் குறை சில சமயம் இந்தச் சோதனையிலும் தப்பும், அதை மறுக்கவில்லை. அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது புரோஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்தாக இருக்கும். உடலில் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகும் மருந்து, அதனால் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் போகவேண்டும். லைன் கழன்றால் குழாய் மறுபடி சுருங்கும். மூச்சு திடீரென நின்றுபோவது இதன் தெரிந்த பக்கவிளைவு; வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது வண்டியில் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தவர் கூட வருகிறாரா, மாற்று லைன் ஒன்று போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.