எளிமையாகச் சொல்ல முடிந்தும் தேர்வில் தடுமாறுவது ஏன்?

"விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்று தங்கைக்கு எளிமையாக விளக்கினேன், அவளுக்கும் புரிந்தது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் விழிக்கிறேன். எங்கே தவறு?"

உங்கள் விளக்கம் எளிமையாக இருந்தது, ஆனால் தவறாக இருந்தது. தங்கை தலையாட்டியதால் அது வெளிப்படவில்லை. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் சுமார் 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒன்றாகவே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் மிகுதியாக இருப்பதால் தரையைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள்.

'ஈர்ப்பு இல்லை' என்ற சொற்றொடரே காரணத்தைப் போல ஒலிப்பதால், அதற்குமேல் நீங்கள் கேள்வி எழுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி விளக்கி முடித்ததும், அந்த விளக்கத்தை மட்டும் வைத்து இரண்டு புதிய கேள்விகளுக்கு விடையை எழுதிப் பாருங்கள்.

1. ஈர்ப்பே இல்லையென்றால், நிலையம் நேர்க்கோட்டில் விலகிப் போகாமல் ஏன் வளைந்து சுற்றுகிறது?
2. கயிறு அறுந்து விழும் மின்தூக்கியில் எடைக்கருவியின் மீது நிற்பவருக்கு அது என்ன காட்டும்?

முதல் கேள்வியிலேயே பழைய விளக்கம் முறிந்துவிடும். 'விழுதல்' விளக்கமோ இரண்டாவதற்கும் 'சுழியம்' என்ற சரியான விடையைத் தரும்.

ஆனால் இந்த முறை கருத்துப் பிழையை மட்டுமே காட்டும். சுற்றுவேகக் கணக்குகளைத் தனியாகப் போட்டுத்தான் பழக வேண்டும்.