ஒரு வேளை மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கலாமா?

கேள்வி: பல் வேரில் சீழ் கட்டியதற்கு ஐந்து நாளைக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, கூடவே அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார் மருத்துவர். குடிக்கவே கூடாது என்றும் சொன்னார். நான்காம் நாள் இரவு கல்லூரி நண்பர்கள் எல்லோரும் கூடுகிறோம். அன்று காலை மாத்திரையோடு மெட்ரோனிடசோலை நிறுத்திவிட்டு இரவு இரண்டு பெக் மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பா? எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் இந்தத் தடை உண்டா?

பதில்:

வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் கணக்கு இந்த மருந்திடம் செல்லாது.

மெட்ரோனிடசோல் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். நீங்கள் போடுவதும் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதாவது முந்தைய மாத்திரை பாதி கரையும்போதே அடுத்தது வந்து சேர்ந்துகொள்கிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டதும் உங்கள் ரத்தத்தில் இருப்பது, முதல் நாள் முதல் மாத்திரைக்கு ஏறிய அளவைப் போல இரண்டு மடங்கு. மாலை நான்கு மணிக்கு அது பாதியாகும், இரவு எட்டு மணிக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். இரண்டு மடங்கில் மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிய அளவில்லை. புதிதாக ஒருவர் மாலை நான்கு மணிக்கு ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு எட்டு மணிக்குக் கிளாஸை எடுப்பதும், நீங்கள் மதிய வேளையை விட்டுவிட்டு எடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாள் முழுக்க மருந்தை விட்டது போல உங்களுக்குத் தோன்றும், உடம்புக்கு அப்படி இல்லை.

அதோடு, விட்டுப்போன அந்த இரண்டு வேளை சீழுக்குத்தான் சாதகம். பல் வேரின் அடியில் பிராணவாயு எட்டாத இடத்தில் வாழும் கிருமிகளை மெட்ரோனிடசோல் நன்றாக அடிக்கும். அமாக்ஸிசிலினோடு இதையும் சேர்த்து எழுதியதே அவற்றுக்காகத்தான். வலி குறைந்துவிட்ட நான்காம் நாளில் இடைவெளி விட்டால், அடங்கியது மறுபடி கிளம்ப வாய்ப்புக் கொடுக்கிறோம்.

சரி, குடித்தால் என்னதான் ஆகும் என்று பயப்படுகிறார்கள்? நாம் குடிக்கும் மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது நச்சு. ஆனால் அடுத்த நொதி உடனே வந்து அதைத் தீங்கில்லாத அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அந்த இரண்டாவது நொதியை ஏதாவது மருந்து முடக்கிவிட்டால் நச்சு தேங்கிவிடும். முகமும் கழுத்தும் சிவந்து சூடேறும், நெஞ்சு படபடக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்குக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை இதையேதான் வேண்டுமென்று செய்கிறது. மெட்ரோனிடசோலும் அப்படிச் செய்யும் என்பதால்தான் இத்தனை வருடமாக எச்சரிக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெட்ரோனிடசோல் உண்மையிலேயே அந்த நொதியை முடக்குகிறதா என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2002இல் ஃபின்லாந்தில் ஆரோக்கியமான 12 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த மருந்தோடு மது கொடுத்தும் அசிட்டால்டிஹைடு ஏறவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட பால்வினை நோய் சிகிச்சை வழிகாட்டியும், மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது உங்களிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லலாம். ஆனால் 12 பேர் என்பது சின்னக் கூட்டம், அதுவும் நோயில்லாத கூட்டம். இந்த மருந்தோடு குடித்து மோசமாகத் துவண்டுபோனவர்களைப் பற்றிய பதிவுகளும் இருக்கின்றன. மருந்தோடு வரும் தாளும் இன்னும் தவிர்க்கத்தான் சொல்கிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாதபோது, அதை ஒரு நண்பர் வீட்டு மாடியில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் தீர்மானம். இந்த மாத்திரை தானாகவே குமட்டலும் நாக்கில் உலோகச் சுவையும் கொடுக்கும். மதுவும் சேர்ந்தால் வாந்தி வந்து, போட்ட மருந்தும் வெளியே போய்விடும்.

எந்தச் சந்தேகமும் இல்லாமல் இதைச் செய்யும் ஆன்டிபயாடிக் வேறு உண்டு. ஊசியாகப் போடும் செஃபோபெராசோன் அதில் ஒன்று. அதன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு பகுதி, நான் சொன்ன அந்த இரண்டாவது நொதியை முடக்குகிறது. இந்த ஊசி முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போன ஒருவரைப் பல வருடங்களுக்கு முன் பார்த்தேன். "மருந்துதான் முடிந்துவிட்டதே" என்று ஒரே ஒரு பெக் குடித்தாராம். அரை மணி நேரத்தில் முகம் காது வரை செம்பருத்தி நிறத்தில் சிவந்து, கண் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாரடைப்பு என்றே வீட்டில் நினைத்துவிட்டார்கள். ஊசி நின்று மூன்று நாள் வரை மது கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

டினிடசோல் மெட்ரோனிடசோலின் தம்பி. உடம்பில் இன்னும் நீண்ட நேரம் தங்கும், அதனால் முடிந்தபின் மூன்று நாள். லைன்சோலிட் விஷயம் வேறு. அங்கே பிரச்சினை சில வகை பீரிலும் சிவப்பு ஒயினிலும் இருக்கும் டைரமின் என்ற பொருள், அது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். உங்கள் அமாக்ஸிசிலினுக்கு மதுவோடு இப்படிப்பட்ட மோதல் கிடையாது. ஆக, எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் ஒரே தடை இல்லை.

டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆவதற்குள் மெட்ரோனிடசோல் எடுக்கக் கூடாது. குடிக்காவிட்டாலும் மனக்குழப்பம் வரை கொண்டுபோகும். பல் மருத்துவரிடம் அந்த மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

எப்போது குடிக்கலாம் என்றால், கடைசி மாத்திரையிலிருந்து 48 மணி நேரம் போனால் ரத்தத்தில் மிஞ்சுவது அறுபதில் ஒரு பங்குதான். பல இடங்களில் அதைப் போதும் என்கிறார்கள், சில மருந்துத் தாள்களில் மூன்று நாள் என்று இருக்கும். ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்கு முடித்தால், எட்டாம் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வாய் கொப்பளிக்கும் திரவமும் இருமல் சிரப்பும் வாங்கும்போது மது சேராததாகப் பார்த்து வாங்குங்கள். பல் வலிக்காரருக்கு முதலில் கைக்கு வருவது அந்தக் கொப்பளிக்கும் பாட்டில்தான்.

அப்புறம், தெரியாமல் குடித்துவிட்டால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். வெறும் சிவப்பும் குமட்டலும் சில மணி நேரத்தில் அடங்கும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், என்ன மாத்திரை, எத்தனை பெக் என்பதை அங்கே ஒளிக்காமல் சொல்லுங்கள்.