மாமாவின் ஏபிஜி சீட்டில் மூன்று எண்கள்

கேள்வி: நெடுநாள் பீடிப் பழக்கம் உள்ள மாமா மூச்சுத்திணறலோடு தஞ்சாவூரில் ஐசியூவில் இருக்கிறார். ஏபிஜி என்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டில் pH 7.25, கார்பன் டை ஆக்சைடு 78, பைகார்பனேட் 33. மூன்றுமே தப்பாக இருக்கிறதே, சிறுநீரகமும் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அந்த 33 அவருடைய சிறுநீரகம் பல நாளாக ஈடுகொடுத்து வருவதன் அடையாளம். நான் ஐசியூ செவிலியர். மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்த்த என் பெரியப்பாவுக்கும் ஏறக்குறைய இதே எண்கள்தான் வந்தன.

நுரையீரல் வெளியேற்றாத கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் அமிலமாகி pH-ஐ இறக்குகிறது. அதைச் சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து வைக்கும். ஆனால் அதற்கு மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஆகவே 40 அளவில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இன்றுதான் திடீரென 78 ஆகியிருந்தால், பைகார்பனேட் 24இலிருந்து 28 வரைதான் ஏறியிருக்கும். மாதக்கணக்கில் 78ஆகவே இருந்திருந்தால் 38ஐ நெருங்கியிருக்கும். 33 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய தேக்கத்தின்மேல் ஓரிரு நாளில் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் சளித்தொற்று. (நீர் பிரிய மாத்திரை சாப்பிட்டாலும் பைகார்பனேட் கூடும். மாமா சாப்பிடுகிறாரென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.)

பெரியப்பாவை முதலில் சேர்த்த சிறிய மருத்துவமனையில், விரல் கருவி 89 காட்டியதைப் பார்த்துப் பதறி ஆக்சிஜனைக் கூட்டினார்கள். எண் 98 ஆனது, அவரும் கண்ணயர்ந்தார். பெரியம்மா, "இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்றார். நான் போய் எழுப்பியபோது என் பெயரைப் பாதி சொல்லி மறுபடி உறங்கிப்போனார். கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கூட்டியதால் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு மூளையை மயக்கிக்கொண்டிருந்தது. இத்தகைய நுரையீரல் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருக்குமாறுதான் வழக்கமாக வைப்பார்கள். 90 என்று பார்த்துவிட்டு, கூட்டச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சாதீர்கள்.

பிறகு ஐசியூவில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளி மூச்சுக்கு உதவும் பைபாப் மாஸ்க் போட்டார்கள். மூக்கின்மேல் அழுத்துகிறது, கழற்று என்று சண்டையே போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ஏபிஜியில் pH 7.32, கார்பன் டை ஆக்சைடு 64, பைகார்பனேட் 32. நீங்களும் அடுத்த சீட்டில் முதலில் pH 7.35ஐ நோக்கி ஏறுகிறதா என்று பாருங்கள். மாஸ்க் போட்டும் அது இறங்கி, தூக்கமும் கூடினால், குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பது பற்றி மருத்துவர் பேசுவார்.

வீடு திரும்பும்போது பெரியப்பாவுக்கு 7.38, 55, 31. கார்பன் டை ஆக்சைடு 40க்கு இறங்கவே இல்லை. அவருக்கு 55தான் இயல்பு. அந்தச் சீட்டைப் பெரியம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவார்.