சட்டை நிறம் மாறட்டும், அம்மா முகம் மாறக் கூடாது

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தீபாவளிக்கு வீட்டில் எட்டு பேரும் சேர்ந்து எடுத்த படத்தைப் பொங்கல் வாழ்த்து அட்டையாகப் போட ஆசைப்பட்டு, எல்லாருக்கும் பச்சையும் மஞ்சளுமாக உடை நிறத்தை மாற்றித் தரும்படி தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். நிறம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் அம்மாவைப் பார்த்தால் வேறு யாரோ போல இருக்கிறது. கன்னத்து மச்சமும் இல்லை. "லேசாகத்தான் மாறும்" என்கிறார்கள். இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறேன். மறுபடி செய்து தரக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எப்படிச் செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் இதே படம்தான் திரும்ப வரும்.

உங்கள் படத்தில் நிறத்தை மட்டும் மாற்றவில்லை. ஏஐ செயலியில் படத்தைக் கொடுத்து, முழுப் படத்தையும் புதிதாக வரையவைத்திருக்கிறார்கள். அப்படி வரையும்போது முகத்தையும் அதுவே வரைகிறது. சுருக்கம் குறையும், மச்சம் காணாமல் போகும், கண் ஓரம் கொஞ்சம் இழுபடும். அம்மா தோளில் இருக்கும் பேத்தியின் கையைப் பெரிதாக்கிப் பாருங்கள், விரல்கள்கூட ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

கையால் செய்யும் முறை வேறு. ஒவ்வொருவர் உடையையும் தனித்தனியாக வெட்டித் தேர்ந்தெடுத்து, அதாவது மாஸ்க் போட்டு, அதற்குள் மட்டும் Hue/Saturation என்ற கருவியைக் கொண்டு நிறத்தைத் திருப்புவார்கள். துணியின் மடிப்பும் நிழலும் அப்படியே நிற்கும். முகம் மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால் அதில் ஒரு புள்ளிகூட அசையாது. சேலையின் சரிகையையும் மாஸ்க்கிலிருந்து விலக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பொன் நிறமும் சேர்ந்து திரும்பிவிடும். எட்டு பேருக்கும் இப்படிச் செய்ய நேரம் பிடிக்கும். அதற்குக் கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் அது நியாயம்தான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு, அதனால் நிறத் தேர்வை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். அம்மா கட்டியிருப்பது அரக்குச் சேலை. அதன் சிவப்பு தாடைக்கு அடியிலும் கழுத்திலும் லேசாகப் பட்டிருக்கிறது. சேலையைப் பச்சையாக்கினால் தாடையில் மட்டும் சிவப்பு தங்கி, ஒட்டவைத்த படம் போலத் தெரியும். அதைச் சரிசெய்யப் போனால் முகத்தைத் தொட வேண்டும், அதனால் அம்மா சேலை அரக்காகவே இருக்கட்டும். உங்கள் தம்பியின் கறுப்புச் சட்டையும் மஞ்சளாகாது. வெளுக்க வெளுக்க மண்ணைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். ஆழ்ந்த அரக்காக மாற்றலாம். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் திருப்புவதற்கு நிறமே இல்லை. மேலே நிறம் ஏற்றலாம், ஆனால் வெயில் பட்ட இடத்தில் மடிப்பே தெரியாததால் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும். அவரை வெள்ளையிலேயே விட்டு, வேட்டிக் கரையை மட்டும் அரக்காக்குங்கள். மற்ற ஐந்து பேரின் நீலமும் ரோஜா நிறமும் எளிதாகத் திரும்பும். அவர்களில் சிலருக்கு அரக்கு, சிலருக்கு மாம்பழ மஞ்சள். பொங்கலுக்கு இந்த ஜோடி பொருத்தமாகவே இருக்கும்.

சரி, முகம் மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது? கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கணினியில் Photopea என்ற இலவசத் தளத்தில் பழைய படத்தைத் திறந்து, அதன் மேல் புதிய படத்தை இழுத்துப் போட்டு, லேயர் பட்டியலில் Normal என்று இருப்பதை Difference என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாறிய உடைகள் மட்டும் ஒளிரும். முகத்தில் மங்கலான பொடிப் புள்ளிகள் இருந்தால் கவலையில்லை, ஜேபெக்காகச் சேமித்ததால் வருவது அது. கண், உதடு, முடியோரம் கோடாகத் தெரிந்தால் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். இரண்டு படங்களும் ஒரே அளவில் இருந்தால்தான் இந்தச் சோதனை சரியாக வரும். உங்களுக்கு வந்த படத்தின் அளவே வேறு, அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொடுங்கள். 5க்கு 7 அங்குல அட்டை தெளிவாக வர 1500க்கு 2100 பிக்சல் வேண்டும். எட்டு தலை இருக்கிற படத்தில் அதற்குக் குறைந்தால் முகங்கள் கலங்கும்.

ஸ்டுடியோவுக்கு இதையெல்லாம் ஒரு மெசேஜாக எழுதி, "முகம், கை, முடி எதையும் தொடக் கூடாது, அச்சுக்கு முன் நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்" என்று சேர்த்து அனுப்புங்கள். ரசீதையும் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எதைத் தொடக் கூடாது என்று தெளிவாக எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் மறுபடி உட்கார்ந்து செய்துதருவார்கள்.