‘அனைத்தும்’ என்று சொல்ல இரண்டு போதும், ‘எதுவுமில்லை’ என்று சொல்ல மூன்றும் வேண்டும்

கேள்வி: பொருளாதாரப் பாடத்துல கொள்குறி வினாவுக்குப் பாதிதான் தெரியும். ‘மேற்கண்ட அனைத்தும்’, ‘மேற்கண்ட எதுவுமில்லை’ன்னு வந்தா குழம்பிடறேன். எப்படி முடிவு பண்றது?

பதில்:

இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரே ஒரு விடைதான் சரி என்ற வகை வினாவில், ‘அனைத்தும்’ என்பதை உறுதி செய்ய இரண்டு விருப்பங்கள் சரி என்று தெரிந்தால் போதும். ‘எதுவுமில்லை’ என்பதை உறுதி செய்ய மூன்றுமே தவறு என்று தெரிந்தாக வேண்டும். அரைகுறை அறிவு முதல் வகையில் நிறைய உதவும், இரண்டாவதில் கொஞ்சம்தான்.

முதல் வகைக்கு ஒரு வினா. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த ரிசர்வ் வங்கி எடுக்கும் நடவடிக்கை எது? (அ) ரெப்போ விகிதத்தை உயர்த்துதல் (ஆ) ரொக்க இருப்பு விகிதத்தை உயர்த்துதல் (இ) வெளிச்சந்தையில் அரசுப் பத்திரங்களை விற்றல் (ஈ) மேற்கண்ட அனைத்தும்.

வெளிச்சந்தை நடவடிக்கை பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அ, ஆ இரண்டும் வங்கிகள் கடன் கொடுக்கும் அளவைக் குறைக்கும் என்று உறுதியாகத் தெரியும். அப்படியானால் விடை ஈ. அ, ஆ இரண்டும் சரியாக இருக்கும்போது ஒன்றை மட்டும் விடையாக வைக்க முடியாது, அதனால் இ-யைப் படித்துப் பார்க்காமலே ஈ-க்குப் போகலாம்.

அ மட்டும்தான் தெரியும் என்றால்? ஆ, இ இரண்டும் விடையாக வர வாய்ப்பில்லை, ஏனென்றால் அ சரி. மிச்சம் அ, ஈ மட்டும். இங்கே பலர் ஆ, இ இரண்டையும் அலசி நேரத்தை விடுகிறார்கள். அது தேவையில்லை. விடை அ என்றால் ஆ, இ இரண்டுமே தவறாக இருக்கும். விடை ஈ என்றால் இரண்டுமே சரியாக இருக்கும். ஆகவே இரண்டில் எது உங்களுக்கு ஓரளவாவது பழக்கமோ, அதை மட்டும் எடுத்துத் தீர்மானியுங்கள். பத்திரத்தை விற்றால் வாங்குகிறவரின் பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விடும், புழக்கம் குறையும் என்று யோசிக்க முடிந்தால் போதும், ரொக்க இருப்பு விகிதம் தெரியாமலே ஈ-க்கு வந்துவிடலாம்.

மறுபக்கம், ஒன்று தவறு என்று உறுதியானால் அதோடு ‘அனைத்தும்’ சேர்ந்து போகும். ஒரே அடியில் இரண்டு கழிந்து, மிச்சம் இரண்டு.

இப்போது ‘எதுவுமில்லை’. இந்த ஆண்டின் ஜிடிபி கணக்கில் சேர்வது எது? (அ) பழைய கார் விற்ற தொகை (ஆ) அரசு தரும் முதியோர் உதவித்தொகை (இ) பங்குச் சந்தையில் பங்கு வாங்கக் கொடுத்த தொகை (ஈ) மேற்கண்ட எதுவுமில்லை.

அ-வில் கார் தயாரான ஆண்டிலேயே கணக்கில் வந்துவிட்டது. ஆ வெறும் மாற்றுக் கொடுப்பனவு, அதற்கு ஈடாக இந்த ஆண்டு எந்த உற்பத்தியும் இல்லை. இரண்டும் தவறு என்று தெரிந்த பிறகும் விடை இ-யா ஈ-யா என்பது திறந்தே இருக்கிறது. ‘இரண்டு தவறு, அப்படியானால் எதுவுமில்லைதான்’ என்று தாவினால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே பங்கு வாங்குவதும் வெறும் கைமாற்றம்தான், அதனால் விடை ஈ. இ-யில் ‘பங்குத் தரகர் பெற்ற கமிஷன்’ என்று இருந்திருந்தால், அது இந்த ஆண்டு அளித்த சேவைக்கான தொகை, ஜிடிபியில் சேரும், விடை இ ஆகிவிடும். வினா எழுதுபவர் கை வைக்கும் இடம் பெரும்பாலும் இந்த மூன்றாவது விருப்பம்தான். பழைய கார் வியாபாரியின் லாப விளிம்பும் இதே மாதிரிதான்: காரின் விலை சேராது, இந்த ஆண்டு அவர் செய்த வேலைக்கான விளிம்பு சேரும்.

ஆனால் இந்த வகையில் ஒன்று சரி என்று தெரிந்துவிட்டால் அங்கேயே முடிந்தது. அதனால் ‘எதுவுமில்லை’ இருக்கும் வினாவில் தவறுகளைக் கழித்துக்கொண்டிருப்பதைவிட, உறுதியாகச் சரியான ஒன்றைத் தேடுவதே லாபம்.

‘தவறான கூற்று எது?’ என்று கேட்டிருந்தால் மேலே சொன்ன ‘சரி’ என்ற சொல்லை ‘வினாவுக்குப் பொருந்துவது’ என்று மாற்றிப் படியுங்கள். அங்கே ‘எதுவுமில்லை’ என்றால் மூன்று கூற்றும் உண்மை என்று அர்த்தம். அவசரத்தில் இது தலைகீழாகிவிடும்.

பொருளாதாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: ஒரு கூற்று சரியா என்பது நிபந்தனையைப் பொறுத்தது. நிறைவுப் போட்டியில் ஒரு நிறுவனம் பெறக்கூடியது (அ) மிகை லாபம் (ஆ) இயல்பு லாபம் (இ) நட்டம் (ஈ) அனைத்தும் என்று வருகிறது. மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அதனால் ‘அனைத்தும்’ இருக்க முடியாது என்று தோன்றும். வினாவில் ‘குறுகிய காலத்தில்’ என்று இருந்தால் விடை ஈ-தான், ஏனென்றால் விலை நிலவரத்தைப் பொறுத்து மூன்றில் எதுவும் நேரலாம். ‘நீண்ட காலத்தில்’ என்று இருந்தால் நிறுவனங்கள் உள்ளே வந்தும் வெளியேறியும் இயல்பு லாபத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும், விடை ஆ. விருப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே காலத்தையும், ‘பெறக்கூடியது’, ‘எப்போதும் பெறுவது’ போன்ற சொற்களையும் அடிக்கோடிடுங்கள்.

கணக்கு வினாவில் ‘எதுவுமில்லை’ இன்னும் ஆபத்து, உங்கள் பிழைக்கு அது மெத்தை போட்டுக் கொடுக்கும். விலை 10 ரூபாயிலிருந்து 12 ஆக ஏற, தேவை 100 அலகிலிருந்து 80 ஆகக் குறைகிறது. தேவை நெகிழ்ச்சி எவ்வளவு? விருப்பங்கள் 0.5, 1.22, 2, எதுவுமில்லை. பழைய விலையையும் அளவையும் அடிப்படையாக வைத்தால் 20% ÷ 20% = 1. பட்டியலில் 1 இல்லை, உடனே ‘எதுவுமில்லை’க்குக் கை போகும். போக விடாதீர்கள். பழையது, புதியது இரண்டின் சராசரியை அடிப்படையாக வைக்கும் நடுப்புள்ளி முறையில் தேவை மாற்றம் 20/90, விலை மாற்றம் 2/11, வகுத்தால் 1.22. அது பட்டியலில் இருக்கிறது. 1.22 என்ற எண் தற்செயலாக அங்கே வந்து உட்காராது. உங்கள் விடை பட்டியலில் இல்லையென்றால் வேறு முறையில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே ‘எதுவுமில்லை’யைத் தொடுங்கள்.

எவ்வளவு துணிந்து நிரப்பலாம் என்பது தேர்வைப் பொறுத்தது. டி.என்.பி.எஸ்.சி. கொள்குறித் தேர்வில் தவறான விடைக்குக் கழிவு இல்லை, ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது கட்டத்தை நிரப்பினால் பூஜ்யம்தான் கிடைக்கும். அதனால் இரண்டுக்கு வந்துவிட்டால் ஒன்றை நிரப்பிவிடுங்கள். யு.பி.எஸ்.சி. முதனிலைப் பொது அறிவுத் தாளில் சரிக்கு 2, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றை ஊகித்தால் சராசரி பூஜ்யம். ஒன்றைக் கழித்தால் வினாவுக்குச் சராசரியாக 0.22 மதிப்பெண் லாபம், இரண்டைக் கழித்தால் 0.67.

அங்கே 2023-இலிருந்து நிறைய வரும் ‘ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை’ என்று எண்ணிக்கை கேட்கும் வினாக்களுக்கு மேலே சொன்ன குறுக்குவழி செல்லாது. ஒரு கூற்று சரி என்று தெரிந்தால் ‘எதுவுமில்லை’ மட்டும்தான் போகும். இரண்டு சரி என்று தெரிந்தாலும் ‘இரண்டு மட்டும்’, ‘மூன்றும்’ இரண்டும் நிற்கும். மூன்றாவது கூற்றைத் தெரிந்திருந்தால்தான் விடை முடிவாகும்.