‘எழும்புவார்’ என்பதை ‘எழுந்தார்’ ஆக்காதீர்கள்

கேள்வி: அப்பா திங்கட்கிழமை காலமானார். சனிக்கிழமை காலை பொரளை மலர்ச்சாலையில் நான்தான் பேச வேண்டும். நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பெயரும் திகதியும் பிழைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. “ஒரு இடத்தில் வந்தார் என்கிறாய், இன்னொரு இடத்தில் வருவார் என்கிறாய், எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கு” என்று அண்ணி சொல்கிறா. வாசித்துப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. கல்வெட்டு அடிக்கும் ஒருவர் 15,000 ரூபா தந்தால் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு அவர் செய்யப்போவது, கணினியில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் உரையைத் திறந்து உங்கள் அப்பாவின் பெயரைப் போடுவது மட்டும்தான். சரவை பார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்திருக்கிறேன். இந்த வியாபாரத்தை அருகிலிருந்து பார்த்தவன். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு மரண வீட்டில், “புங்குடுதீவு மண்ணின் மைந்தன்” என்று மகன் கணீரென்று வாசித்தார். இறந்தவர் பதுளைக்காரர். முந்தைய வாடிக்கையாளரின் ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த வீட்டார் கட்டிய காசு திரும்பவில்லை. வாசித்த மகன் அந்த வரியை இன்றும் மறக்கவில்லை.

உங்கள் அண்ணியின் திருத்தத்தைச் செய்ய வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வருவார்’ என்பது இங்கே எதிர்காலம் அல்ல. “அப்பா விடிய ஐந்து மணிக்கு எழும்புவார், முதலில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவார், பிறகுதான் தேத்தண்ணி கேட்பார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவருடைய வழக்கம். வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழில் இந்த வடிவம்தான் இருக்கிறது. ‘எழுந்தார், விட்டார், கேட்டார்’ என்று மாற்றினால் ஒரே ஒரு நாள் நடந்த சங்கதி ஆகிவிடும். நாற்பது வருடப் பழக்கம் ஒரு காலையோடு முடிந்துபோகும். ஆனால் அண்ணிக்கு ஏன் இடறியது என்பதும் புரிகிறது. “1961இல் வேலையில் சேர்ந்தார்” என்ற வசனத்துக்கு அடுத்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் “விடிய எழும்புவார்” என்று வந்திருக்கிறது. காதால் கேட்பவருக்கு அங்கே ஒரு சொல் தேவை. ‘அந்த நாட்களில்’ அல்லது ‘எப்போதும்’ என்று முன்னால் வையுங்கள், போதும். ஒருமுறை நடந்ததற்கு இறந்தகாலம், பழக்கத்துக்கு ‘-வார்’, ‘-பார்’. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் மட்டும் ஒரு காலச்சொல். காலம் பற்றி உங்கள் நாலு பக்கத்துக்கும் இவ்வளவுதான் தேவை.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, அதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் மனம் நோவது இங்கேதான். இறந்தவரைப் பற்றி எழுதும்போது கை தானாகவே எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் எழுதிக்கொண்டு போகும். “அப்பாவுக்கு நாலு பிள்ளைகள் இருந்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்பவர் நாலு பேரும் இல்லை என்று ஒரு நொடி நினைப்பார். “அவருக்குத் துணையாக இருந்தவர் எங்கள் அம்மா” என்பதும் அப்படியே. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். உயிரோடு இருப்பவர்களை இறந்தகாலத்தில் தள்ளக் கூடாது. “அப்பாவின் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர்” என்று வினைச்சொல்லே இல்லாமல் முடியுங்கள். தமிழில் அது முழு வசனம்தான். அம்மாவுக்கு, “அறுபது வருடம் அப்பாவோடு வாழ்ந்த அம்மா இங்கே எங்களோடு இருக்கிறார்” என்று எழுதுங்கள். வாழ்ந்தது முடிந்தது, இருப்பது தொடர்கிறது. இரண்டு காலமும் ஒரே வசனத்தில் வருவது பிழை அல்ல.

உங்கள் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. இரண்டாவது அண்ணா முன்னரே இறந்துவிட்டார் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உரையிலோ ஓரிடத்தில் நாலு பிள்ளைகள், இன்னோரிடத்தில் “நாங்கள் மூன்று பேரும்” என்று நிற்கிறது. இரண்டும் உண்மை, ஆனால் கேட்பவருக்குக் கணக்கு உதைக்கும். அதைவிட, அம்மாவுக்கு அந்த ‘மூன்று’ குத்தும். முதலில் நாலு என்று சொல்லி, உடனே அண்ணாவின் பெயரைச் சொல்லி, “அவர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்” என்று இறந்தகாலத்தில் ஒரு வரி வையுங்கள். அதன் பின் ‘மூன்று பேர்’ என்று எத்தனை முறை வந்தாலும் உறுத்தாது.

இனிப் பெயர்கள். மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். கொழும்பில் பதியும் பத்திரம் பெரும்பாலும் சிங்களத்தில் வருகிறது. அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொன்று, கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் மூன்றாவது. ஒரு தமிழ்ப் பெயர் இந்த அலுவலகங்களுக்குள் போய் மறுபடி தமிழுக்கு வரும்போது ழகரம் போய்விடும். எழிலன் ‘எலிலன்’ ஆவார், யாழினி ‘யாலினி’ ஆவார். தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் எழுதி எத்தனையோ வருடமாகியும், ஒரு மனிதர் தன் பெயரைச் சரியாகத் தமிழில் பெற்றுக்கொண்டு சாக முடியவில்லை. சரி, அந்தக் கோபம் எனக்கு இருக்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அப்பா தன் கையால் தமிழில் எழுதிய ஏதாவது ஒன்றைத் தேடுவது. கல்யாண அழைப்பிதழ், பழைய கடிதம், புத்தகத்தின் முதல் பக்கத்துக் கையெழுத்து, எதுவானாலும் சரி. கணபதிப்பிள்ளை என்று அவர் ‘ப்’ போட்டு எழுதியிருந்தால் அதுதான் அவர் பெயர்.

உரையில் வரும் பெயர்களை மட்டும் தனித்தாளில் எழுதி, அம்மாவுக்கோ மூத்த மாமிக்கோ தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுங்கள். உறவுமுறையையும் சேர்த்து வாசியுங்கள். சித்தப்பாவா பெரியப்பாவா, மருமகனா பெறாமகனா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முதலெழுத்துகளை உரையில் வைக்க வேண்டாம். ‘க.’ என்று தாளில் கண்டால் வாய் தடுமாறும். தகப்பன் பெயரை முழுதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலில் இருந்தும் எடுக்க வேண்டாம். அங்கே இடைத்தரகர் தொலைபேசியில் கேட்டு எழுதுவார். தட்டச்சுக்காரர் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிப்பார். பாமினியில் அடித்த கோப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பினால் அம்மா என்பது `mk;kh` என்று வந்து நிற்கும். அதை மாற்றித் தருகிறேன் என்று யாராவது மாற்றும்போது ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு புள்ளி எங்கேயாவது விழுந்துவிடும். பெரும்பாலும் அது பெயரில்தான் விழும்.

திகதிக்கு உங்கள் முதல் பந்தியையே எடுத்துக்கொள்வோம். இப்படி இருக்கிறது: “1936ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உரும்பிராயில் பிறந்து, அங்கேயே கல்வி கற்று, 1955ஆம் ஆண்டு யாழ்தேவியில் கொழும்புக்கு வந்து, லிகிதராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 89 வயதில் எம்மை விட்டுப் பிரிந்தார்.”

யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். ஆகவே ஆண்டு பிழை, அல்லது ரயில் பிழை. சபையில் ரயில்வேயில் இருந்த ஒரு கிழவர் நிச்சயம் இருப்பார், அவர் பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பார். நீங்களே இரண்டாம் பக்கத்தில் வேலையில் சேர்ந்தது 1961 என்கிறீர்கள். அப்படியானால் 1955இல் வந்தது எதற்கு? மாமியிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் ஆண்டை எடுத்துவிட்டு ‘இளம் வயதில் ரயிலேறி’ என்று வையுங்கள். தெரியாத ஆண்டைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் குறையாகப் படாது.

வயதும் பிழை. 1936 நவம்பரில் பிறந்த அப்பா காலமான 2025 மார்ச்சில் அவருக்கு 88 வயது நிறைந்து 89 நடந்துகொண்டிருந்தது. “89 வயதில்” என்றால் ஒன்று கூடிவிடும். “89ஆவது வயதில்” என்றால் சரி. மேசையில் இருக்கும் படத்தின் கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மூச்சு முட்டுவதற்குக் காரணம் உங்கள் நெஞ்சு அல்ல, பிறந்து, கற்று, வந்து, சேர்ந்து, உயர்ந்து என்று நீண்டுகொண்டே போகும் வினையெச்சம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் அதுவரை குரலை இறக்க முடியாது, மூச்சும் விட முடியாது. எழுத்தில் கண் தாங்கும், வாய் தாங்காது. இரண்டு எச்சத்துக்கு மேல் ஒரு வசனத்தில் வேண்டாம். அந்தப் பந்தியைத் திருத்தினால் இப்படி வரும்:

“அப்பா பிறந்தது உரும்பிராயில்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு.
படித்ததும் அந்த ஊரில்தான்.
இளம் வயதில் ரயிலேறிக் கொழும்புக்கு வந்தார்.
லிகிதராகச் சேர்ந்தார்.
எண்பத்தொன்பதாவது வயதில் எங்களை விட்டுப் போனார்.”

ஒவ்வொரு வரி முடிவும் மூச்சு விடும் இடம். ஆண்டை இலக்கத்தில் எழுதாமல் சொல்லில் எழுதியதைக் கவனியுங்கள். கண்ணீரோடு 1936 என்று பார்த்தால் வாய் ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கித் தமிழில் முடிக்கும். ‘படிப்படியாக உயர்ந்து’ என்பதை நான் வெட்டிவிட்டேன். அது எல்லாருடைய உரையிலும் இருப்பது. ‘எம்மை’ என்பதை ‘எங்களை’ ஆக்கியதற்குக் காரணம், மற்ற மூன்று பக்கத்திலும் நீங்கள் ‘எங்கள் அப்பா’ என்றே எழுதியிருப்பதுதான். அதுபோல அப்பாவுக்கு ‘அவர்’ என்றால் கடைசிவரை ‘அவர்’. நடுவில் ‘அவர்கள்’ என்று ஏறவும் வேண்டாம், தொண்டை அடைக்கும் இடத்தில் ‘அப்பா சொன்னது’ என்று பேச்சுக்கு இறங்கவும் வேண்டாம். மரியாதை ஏறி இறங்கினால் காதுக்கு உடனே தெரியும்.

நாலு பக்கம் அதிகம். பெரிய எழுத்தில் ஒரு பக்கம் வாசிக்க இரண்டு, இரண்டரை நிமிடம் பிடிக்கும். அந்தக் கணக்கில் நாலு பக்கம் எட்டு முதல் பத்து நிமிடம். கனத்தைக்குக் கொண்டுபோகும் நேரத்தை மலர்ச்சாலைக்காரர் உங்களுக்காகத் தள்ளிப்போட மாட்டார். இரண்டு பக்கமாக வெட்டுங்கள். வேலை செய்த இடங்களின் பட்டியலை முதலில் வெட்டுங்கள், பூக்கன்றை அப்படியே வைத்திருங்கள்.

வெட்டிய பிறகு வெள்ளி இரவு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை உரக்க வாசியுங்கள். இடறிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு முறையும் அதே இடத்தில் இடறினால் பயிற்சி போதாது என்று நினைக்காதீர்கள், அந்த வசனத்தை மாற்றுங்கள். அழுகை வரும் வரி எது என்று அப்போதே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு வரி இடைவெளி விட்டு அச்செடுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடியுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம், புரட்டும் சத்தம் மைக்கில் விழும். மூலையில் பக்க எண் போட்டு, இன்னொரு பிரதியை அண்ணியின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.